ஊர் மணி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தனியார் கல்லூரி. அதன் இரண்டாவது மாடியில் உயிரியல் ஆய்வுக்கூடம். அந்தக் கூடத்தின் கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்து முகம் சுளிக்காத மாணவர் கிடையாது. எழுதியவள் மலர். அங்கே பல வருடமாக ஆய்வுக்கூடப் பயிற்றுநர். ஐம்பத்தேழு வயதாகிவிட்டது, பெற்ற பிள்ளையை வளர்த்து வெளிநாட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது, இன்னும் எல்லோருக்கும் அவள் ‘மிஸ்’தான். கிழவியானாலும் மிஸ்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்த சுவடு மறைவதற்குள் யாராவது கை கழுவாமல் நுண்ணோக்கியைத் தொட்டிருப்பார்கள், சிரிப்பு போய்விடும்.

அதே மாநிலத்தில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். படித்து, டிப்ளோமா வாங்கி, வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து, வீரமுத்துவைக் கட்டிக்கொண்டாள். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் ரூபேந்திரன் பெர்த்தில் வேலையாக இருக்கிறான். ஆக, தாமான் குடியிருப்பில் அந்த வரிசை வீட்டில் இப்போது அவள் மட்டும். சனி ஞாயிறு வந்தால் அவளுக்குப் பிடிப்பதில்லை. திங்கட்கிழமை காலை மற்றவர்களுக்கு முன்னால் வந்து கூடத்தைத் திறந்து, கிருமி வளர்க்கும் பெட்டியின் கதவைத் தட்டி, “என்னடா, சூடு சரியா இருக்கா?” என்று கேட்பாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். பார்க்க ஆள் இல்லை என்பதுதான் விஷயமே.

அந்த அறிவிப்புக்கு வருவோம். போன தவணை ஒரு பையன் பாக்டீரியா வளர்த்த தட்டின் படத்தைக் கொடுத்தான். அழகான தட்டு. அடுத்த நாள் இன்னொரு பெண்ணும் அதே தட்டைக் கொடுத்தாள், கொஞ்சம் திருப்பி வைத்து, மூலையில் இருந்த ஒரு புள்ளியை அழித்து. மாவுச்சத்துச் சோதனையில் நீலம் வராதவன் ஃபோனில் நீலத்தை ஏற்றிவிட்டான். மேசையும் சேர்ந்து நீலமாகிவிட்டதை மட்டும் கவனிக்கவில்லை. மலருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பவுடர் போடணும்னா உங்க மூஞ்சிக்குப் போடுங்க. என் ப்ளேட்டுக்குப் போடாதீங்க” என்று கத்திவிட்டு, அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள்.

மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். தலைப்பில் ‘காம்பார் அசால்’ என்று பெரிதாகப் போட்டாள். மூலப்படம் என்று அர்த்தம். நம்ம அசல்தான் அவர்களுக்கும் அசால் என்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம். வெளிச்சம் கூட்டக்கூடாது, நிறம் மாற்றக்கூடாது, ஓரம் வெட்டக்கூடாது, எதையும் அழிக்கக்கூடாது, அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஓர் அடிக்கோலும், பெயரும் எண்ணும் கையால் எழுதிய அட்டையும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் ஏற்கப்படாது, ஏனென்றால் அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்களையும் உதிர்த்துவிடும். மூலக் கோப்பை அப்படியே கல்லூரியின் இணையப் பெட்டகத்தில் ஏற்ற வேண்டும். ஃபோனிலிருந்து அழிக்கவும் கூடாது, கேட்டால் காட்ட வேண்டும். சொந்த ஃபோனில்தான் எடுக்க வேண்டும். அறிக்கையில் ஒட்டுவதற்கு வெட்டியோ வெளிச்சம் ஏற்றியோ ஒரு நகல் தேவைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் என்ன செய்தோம் என்று படத்தின் கீழே எழுதி, அசலையும் உடன் கொடுக்க வேண்டும். மீறினால் அந்தப் பகுதிக்குச் சுழியம், ஒழுங்குக் குழுவுக்கு அறிக்கை. அந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டபோது அவளுக்கு மனசு ஆறியது.

இந்தத் தவணை களப்பணி லைக்கன். மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்குமே, அதுதான். புகை மிகுந்த சாலையோரத்தில் குறையும், காற்று நன்றாக இருக்கும் இடத்தில் நிறைய வளரும். ஒவ்வொரு மாணவரும் தங்கள் வீட்டுப் பக்கத்தில் சில மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே உயரத்தில் படம் எடுத்து, எவ்வளவு பரப்பில் படர்ந்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும். தனித்தனியாகப் போய் எடுப்பது. கூட இருந்து பார்க்க யாரும் இல்லை என்பதால் மலர் ஒவ்வொரு கோப்பையும் கணினியில் திறந்து விவரப் பக்கத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன, நுஸ்ரத்தின் படங்கள் வரும்வரை.

நுஸ்ரத் அமைதியான பெண். பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரின் மகள். முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். அவளுடைய படங்கள் தெளிவாக இருந்தன. அட்டை இருந்தது, அடிக்கோல் இருந்தது, பட்டையின் மேல் நல்ல வெயில் விழுந்திருந்தது. ஆனால் எடுத்த நேரம் காலை ஆறேகால் என்றது கணினி. ஜொகூரில் ஆறேகாலுக்கு ஏது வெயில்? அந்நேரம் இருட்டு. தெருவிளக்கே அணைந்திருக்காது. அடுத்த மரம் ஆறரை, அதிலும் பளீரென்று வெயில். எல்லாப் படங்களும் ஒரே மாதிரி தள்ளிப் போயிருந்தன. நேரத்தை மொத்தமாக மாற்றும் மென்பொருள் இருக்கிறது என்பது மலருக்குத் தெரியும். வேறு யாரோ எடுத்த படத்தில் அட்டையை ஒட்டி, நேரத்தையும் மாற்றப்போய்க் கணக்குத் தவறிவிட்டது என்று முடிவு கட்டினாள். ஒரே மாதிரி தள்ளிப் போனதற்கு வேறு காரணம் இருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு எதுவும் தோன்றாது, அது அவளுடைய குறை.

நுஸ்ரத்தைக் கூப்பிட்டாள்.

“இந்தப் படம் எத்தன மணிக்கு எடுத்த?”

“காலைல, மிஸ்.”

“காலைலன்னா? ஆறேகால்னு காட்டுது பாரு.”

நுஸ்ரத் திரையை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் தெளிந்ததுபோல் இருந்தது. “அது ஊர் மணி, மிஸ்” என்றாள்.

“ஊர் மணிதான்னு எனக்கும் தெரியும். எல்லார் படமும் இந்த ஊர் மணிதானே காட்டுது? அதனாலதானே கேக்குறேன். இந்த ஊர்ல ஆறேகாலுக்கு வெயில் வருமா?”

அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். கண் கதவுப் பக்கம் போனது, அறிவிப்பு ஒட்டியிருக்கும் கதவு. அதற்குப் பிறகு மலர் என்ன கேட்டும் பதில் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. தப்புச் செய்தவர்கள்தான் இப்படி ஊமையாவார்கள் என்று மலர் நினைத்தாள். நம்பிய பிள்ளை ஏமாற்றிவிட்டதே என்ற வருத்தம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பாடத்தின் விரிவுரையாளர் டாக்டர் ஹேமநாதன். அவருக்கு ஆய்வுக்கூடத்தில் மலர் சொல்வதே முடிவு. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நீங்க ஷுவரா, மலர்?” என்றார்.

“படம் பொய் சொல்லாது, டாக்டர்.”

“அப்ப ரிப்போர்ட் எழுதுங்க. வெள்ளிக்கிழமை கமிட்டிக்குக் கொடுத்துடலாம். ஆனா களப்பணில சுழியம்னா பாடமே ஃபெயிலு. அந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் யூனிவர்சிட்டிக்கு மனு போட முடியாது. தெரியும்தானே?”

தெரியும். அதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அறிக்கையை எழுதினாள், அச்செடுத்தாள், கையெழுத்துப் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் சோறு வடித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இப்படிப்பட்ட நாளில் வீரமுத்து இருந்தால், “ஒன் ரூல்ஸ நீயே தலைக்கு வச்சுத் தூங்கு” என்று கிண்டலாவது செய்திருப்பார். சண்டையாவது போட்டிருக்கலாம். ரூபேந்திரனிடம் சொல்லலாமா என்று ஃபோனை எடுத்தாள். கடைசியாக அவன் பேசியது தீபாவளிக்கு. அவளாகக் கூப்பிட்டால், “மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடுறேன்” என்பான். அந்த ‘அப்புறம்’ எப்போது என்று கேட்டு அவனுக்குத் தொந்தரவாகிவிடக்கூடாது என்பதில் அவள் ரொம்பக் கவனமாக இருந்தாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே நுஸ்ரத்தின் அப்பா கடைக்குப் போனாள். அப்படிப் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. குழுவிடமிருந்து கடிதம் வந்து தெரிந்துகொள்வதைவிட, தமிழில் ஒரு மனுஷி வாயால் சொல்லித் தெரிந்துகொண்டால் அந்த மனிதருக்குக் கொஞ்சம் வலி குறையும் என்று நினைத்தாள். வீட்டுக்குச் சீக்கிரம் போய் என்ன செய்யப்போகிறோம் என்பதும் ஒரு காரணம். அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை.

கடையில் கூட்டம் குறைவாக இருந்தது. கல்லாவில் ஆள் இல்லை. ஒல்லியாக, நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒருவன் மேசை துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்கம்மா, உக்காருங்க. என்ன சாப்புடுறீங்க?”

“ஒரு தே தாரிக், இனிப்பு கம்மியா. முதலாளி இல்லையா, தம்பி?”

“மார்க்கெட்டு வரைக்கும் போயிருக்காக. இப்ப வந்துருவாக.” தேநீரைக் கொண்டுவந்து வைத்தான். வைத்த கையோடு சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டான். “புள்ளைய கூட்டிட்டு வர்ற நேரம்” என்றான்.

“யாருப்பா?”

“வீட்டுக்காரிம்மா. ஹபீபா. ஊர்ல, தொண்டில. சின்னது ரெண்டாவது படிக்குது. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். இப்ப வாசல்ல நிப்பா.”

மலர் சுவரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறரை. “நாலு மணியா?”

“ஊர் மணிம்மா” என்று ஃபோனைத் திருப்பிக் காட்டினான். நாலு என்றது அது. “நான் இத மாத்துறதே இல்ல. வந்து எறங்குன அன்னைக்கு அதுவா இந்த ஊரு நேரத்துக்கு மாறிப்போச்சு. கணக்குப் பாத்துப் பாத்து எனக்குக் கொழம்பிருச்சு. அந்த தானா மாறுறத அணைச்சுட்டுத் திருப்பி ஊர் மணியே வச்சுட்டேன். வேலைக்குச் செவத்துல கடிகாரம் இருக்கு. இது அவளுக்கு. எடுத்துப் பாத்தா இப்ப என்ன செஞ்சுட்டு இருப்பான்னு தெரிஞ்சுரும்.”

மலருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஊர் மணி. அவளுக்கு ஊர் என்றால் ரெங்கம், போனால் பத்து பாகாட். அவளுடைய தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்தச் சாப்பாட்டுக்கடையில் ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், இரண்டரை மணி நேரம் பின்னால். அந்தப் பெண் உண்மையை நேராகச் சொல்லியிருக்கிறாள். இவள்தான் அதே வார்த்தையை வாங்கித் தன் ஊரில் வைத்துவிட்டாள்.

“தம்பி, நுஸ்ரத் ஒன் ஃபோனையா வாங்கிட்டுப் போச்சு?”

அவன் முகம் மாறியது. “ஏதும் பிரச்சனையாம்மா? அது ஃபோனு தண்ணில விழுந்து செத்துப்போச்சு. படம் எடுக்கணும்னு அழுதுச்சு. நான்தான் கொடுத்தேன். மணிய மட்டும் மாத்திராத தங்கச்சினு சொன்னேன். அது மாத்தல.”

“நுஸ்ரத் இருக்கா?”

“நுஸ்ரத்! ஒங்க டீச்சரம்மா வந்திருக்காக!” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

சமையலறையிலிருந்து வந்த பெண் மலரைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். “அத்தாகிட்ட சொல்லிடாதீங்க, மிஸ்” என்றாள் முதல் வார்த்தையாக, அப்பாவைச் சொல்லி.

“மொதல்ல உக்காரு. யஹ்யா நானா ஃபோன்னு ஏன் சொல்லல?” மேசை துடைத்தவன்தான் யஹ்யா, நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அட்டையின் மூலையில் ‘படம்: யஹ்யா நானா ஃபோன்’ என்று பொடியாக எழுதியிருந்ததை அவள் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். எடுத்த நேரத்திலேயே கண்ணாக இருந்ததால் அன்று அதைக் கவனிக்காமல் கடந்து போயிருந்தாள்.

“எழுதி வச்சேன், மிஸ். ஆனா சொந்த ஃபோன்லதான் எடுக்கணும்னு நோட்டீஸ்ல இருக்குதுல்ல. நீங்க மணிய கேட்டீங்க. ஊர் மணின்னு சொன்னேன். நீங்க கோவப்பட்டீங்க. இன்னும் பேசுனா யார் ஃபோன்னு கேப்பீங்க, அப்ப சுழியம் போட்டுடுவீங்கன்னு பயந்துட்டேன்.”

மலர் யஹ்யாவிடம் ஃபோனைக் கேட்டு வாங்கினாள். சுவர்க் கடிகாரத்தைப் படம் எடுத்தாள். படத்தின் விவரத்தைத் திறந்தாள். படத்துக்குள் கடிகாரம் ஆறே முக்கால், விவரத்தில் நாலே கால். அதே இரண்டரை மணி நேரம். பிறகு பின்னால் தள்ளிப்போய் லைக்கன் படங்களைத் தேடினாள். எல்லாம் இருந்தன, ஒன்றும் அழியவில்லை. ஒரு படம் ஆட்டம் கண்டு மங்கலாக, அடுத்தது சரியாக, அதற்கடுத்தது அட்டை காற்றில் பறந்து பாதியாக. திருட்டுப் படம் எடுக்கிறவர்கள் இப்படித் தடுமாற மாட்டார்கள். ஆறேகாலோடு இரண்டரையைக் கூட்டினால் எட்டே முக்கால். எட்டே முக்காலுக்கு எப்படி வெயில் விழ வேண்டுமோ அப்படியேதான் பட்டையின் மேல் விழுந்திருந்தது.

பையிலிருந்து அறிக்கையை எடுத்தாள். நுஸ்ரத் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க, நாலாகக் கிழித்து மேசையில் வைத்தாள்.

“நான் அவசரப்பட்டுட்டேன் லா. நீ சரியாதான் சொன்ன. எனக்குத்தான் வெளங்கல. மன்னிச்சுக்கோ.”

நுஸ்ரத் அழுதாள். இந்தமுறை வேறு மாதிரி அழுகை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அப்ப நான் மனு போடலாமா, மிஸ்?” என்று கேட்டாள்.

“போடு. நாளைக்கு நான் டாக்டர்கிட்ட பேசுறேன். இந்தக் கடிகாரப் படத்தையும் ஒன் படத்தோட சேத்து ஏத்திடு. நோட்டீஸையும் மாத்துறேன். படம் எடுக்க ஆரம்பிக்கும்போது சரியான நேரம் காட்டுற கடிகாரத்த மொதல்ல ஒரு படம் எடுக்கணும். எரவல் ஃபோன்னா யாரோடதுன்னு எழுதிக் கொடுக்கணும், அவ்ளோதான்.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மலருக்கு எழுந்து போக மனமில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. யஹ்யா கேட்காமலே வேறொன்று கொண்டுவந்து வைத்தான். கிழித்த காகிதத்தைப் பொறுக்கி எடுத்தான்.

“அன்னைக்கு ஒரு நாள் ஃபோனு இல்லாம ஹபீபா பயந்தே போயிட்டாம்மா” என்றான். “சாயங்காலம் கூப்பிட்டப்ப ஒரே அழுக. பேசலன்னா அவளுக்குத் தூக்கம் வராது.”

“நீ கொடுத்து வச்சவன், தம்பி.”

“எங்கம்மா, நாலு வருஷம் ஆச்சு பாத்து.” மேசையை ஒருமுறை துடைத்தான். “ஒங்களுக்குப் புள்ளைக எத்தனம்மா?”

“ஒரே பையன். பெர்த்துல இருக்கான்.”

“ஆஸ்திரேலியாவா! அங்க இப்ப மணி என்னம்மா? ராத்திரியா இருக்குமோ?”

மலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

“இதே மணிதான்” என்றாள். “நமக்கும் பெர்த்துக்கும் நேரம் ஒன்னுதான்.”

“அட, அப்ப ஒங்களுக்கு என்னம்மா கவல! கணக்கே பாக்க வேணாம். நெனச்ச நேரம் பேசலாம்.”

“ஆமா” என்றாள் மலர். “நெனச்ச நேரம் பேசலாம்.”

அவன் அடுத்த மேசைக்குப் போய்விட்டான். மலர் சூடாக இருந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாவது வித்தியாசம் இருந்திருந்தால், பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பான், அதனால்தான் கூப்பிடவில்லை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்.